வெளியே எதுவும் தெரியாத பஸ்: அருண் கொலட்கரின் கவிதையில் நகர்வது எது?

வைகறை
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தில் வரும் ஞாயிறு அருண் கொலட்கரின் 'பஸ்' கவிதையை எடுத்திருக்கிறோம். 1976இல் வந்த 'ஜெஜூரி' தொகுப்பின் முதல் கவிதை. அவர் மராத்தியிலும் எழுதியவர் என்றாலும் இதை ஆங்கிலத்தில்தான் எழுதினார். வட்டத்தில் பாதிப் பேர் ஆங்கிலம் படிக்கத் தயங்குவார்கள் என்பதால் நான் தமிழில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். விடியும் முன் ஓர் அரசு பஸ் கண்டோபா கோயில் இருக்கும் ஜெஜூரிக்குப் போகிறது. சன்னல்களில் தார்ப்பாய்ப் படுதாவை இறக்கிப் பொத்தான் போட்டிருக்கிறார்கள். குளிர்காற்றில் படுதாவின் ஒரு மூலை பயணியின் முழங்கையில் அடித்துக்கொண்டே வருகிறது. பார்க்க எதுவும் இல்லை. எதிரே ஒரு கிழவரின் கண்ணாடியில் தன் முகமே இரண்டாகத் தெரிவதுதான் பயணிக்குக் கிடைக்கும் நாட்டுப்புறக் காட்சி. பிறகு படுதாவில் உள்ள ஓட்டை வழியாக வெயில் வந்து கிழவரின் கண்ணாடியில் படுகிறது. ஒரு கீற்று டிரைவரின் வலது பொட்டில் போய் நிற்கிறது. பஸ் திசை மாறுவது போல் இருக்கிறது. கடைசியில் இறங்கும்போது, கிழவரின் தலைக்குள் போய்க் கால் வைக்கவில்லை என்று முடிகிறது.

என் சிக்கல் இதுதான். பயணக் கவிதை என்றால் மரம், வயல், ஊர், தந்திக் கம்பம் என்று எதையாவது பின்னால் ஓட விடுவார்கள். இதில் எதுவுமே ஓடவில்லை. ஒரு நண்பர் "பஸ்ஸுக்குப் பதில் ஓர் இருட்டறையில் நடந்ததாகச் சொன்னாலும் கவிதை மாறாது" என்கிறார். எனக்கு அது தப்பு என்று தோன்றுகிறது. ஆனால் ஏன் தப்பு என்று வரிகளைக் காட்டிச் சொல்ல முடியவில்லை. உதவுங்கள்.

சன்னலோரம்
உங்கள் நண்பர் சொல்வது சரி என்பேன். பயணத்தின் அசைவு கவிதைக்குள் வருவது சந்தத்தின் வழியாகத்தான். ஸ்டீவன்சன் 1885இல் குழந்தைகளுக்கு எழுதிய 'ரயில் பெட்டியிலிருந்து' கவிதையை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அர்த்தம் புரியாவிட்டாலும் சக்கரம் ஓடுவது காதில் கேட்கும். பாலம், வீடு, வேலி, பள்ளம் எல்லாம் அந்தத் தாளத்தில் வரிசையாகப் பறக்கும். கடைசி வரி வரை மூச்சு விட இடம் கிடையாது.

கொலட்கர் எழுதியது சந்தம் இல்லாத புதுக்கவிதை. மூன்று மூன்று வரியாக நின்று நின்று போகிறது. அதில் ஓட்டமே இல்லை. நல்ல கவிதைதான், ஆனால் பயணக் கவிதை இல்லை.

மேற்குமலை
சன்னலோரம், ஸ்டீவன்சன் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அசைவு சந்தத்தில்தான் வரும் என்பது பாதிதான் சரி. அங்கே பார்ப்பது ஒரு குழந்தை, பகல் வெளிச்சம், திறந்த சன்னல். அந்தக் கண்ணுக்கு அந்தத் தாளம் பொருந்துகிறது. படுதா போட்ட பஸ்ஸில் விடியற்காலை மூன்றரை மணி நேரத் தூக்கத்தோடு உட்கார்ந்திருப்பவனுக்கு அதே தாளத்தைக் கொடுத்தால் பொய்யாகிவிடும்.

வைகறை, நான் புனேயில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவன். மராத்தி வாசிப்பேன். இந்தக் கவிதையோடு நெடுநாள் பழக்கம். உங்கள் கேள்விக்கு வரிவரியாகப் போகலாம்.

முதலில், எது அசைகிறது என்று மட்டும் பாருங்கள். படுதா அடிக்கிறது. காற்று விளாசுகிறது. சாலை உறுமுகிறது. மனிதர்கள் யாரும் அசையவில்லை. பயணியின் கை, கால், கிழவரின் தலை எதுவும் நகர்வதாக ஒரு சொல்கூட இல்லை. வண்டிக்குள் கட்டிப்போட்டது போல உட்கார்ந்திருக்கிறார்கள். வேகம் அவர்களைச் சுற்றி இருக்கிறது, முழங்கையில் விழும் அடியாக, காதில் விழும் உறுமலாக. கண்ணுக்குத் தெரியவேண்டிய வேகம் தோலுக்கும் காதுக்கும் போய்விட்டது. இருட்டறையில் வைத்தால் இந்தப் படிமங்கள் வரவே வராது. நிற்கிற அறையில் படுதா முழங்கையை அடிக்காது.

இரண்டாவது, எனக்கு மிகப் பிடித்த இடம். மூன்றாம் பத்தியில் பயணி சாலை நெடுகப் பார்க்கிறான். விடிந்துவிட்டதா என்று தேடுகிறான். எந்த வெளிச்சத்தில் தேடுகிறான்? பஸ்ஸிலிருந்து வெளியே சிந்தும் கொஞ்ச வெளிச்சத்தில். அதாவது உள்ளே இருக்கும் விளக்கு வெளியே போகிறது. ஆறாம் பத்தியில் அது தலைகீழ். சூரியன் சத்தமில்லாமல் உதித்துவிட்டது, வெளியிலிருந்து உள்ளே பாய்கிறது. நடுவில் இருக்கும் இரண்டு பத்தியில் அவன் கிழவரின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். விடிவதைத் தேடியவன் விடிந்த கணத்தைத் தவறவிட்டான். மைல்கல் ஒன்றுகூடச் சொல்லாமல் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று இந்த வெளிச்சத்தின் திசைமாற்றத்திலேயே தெரிகிறது.

அலமேலு
நானும் ஜெஜூரி போக ஆசைப்படுகிறேன். புனேயிலிருந்து விடியற்காலை பஸ் இருக்கிறதா? எவ்வளவு தூரம்? மஞ்சள் தூவும் திருவிழா படம் பார்த்ததிலிருந்தே ஆசை.

மேற்குமலை
அலமேலு, புனேயிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஹடப்சர் தாண்டி திவே காட் மலைப்பாதையில் ஏறி சாஸ்வட் வழியாகப் போவார்கள். பஸ் நேரம் இப்போது எப்படி என்று அங்கே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் பார்த்த மஞ்சளை அங்கே பண்டாரா என்பார்கள். கண்டோபா பக்தர்கள் அதை நெற்றியில் அப்பிக்கொள்வார்கள். கவிதையில் கிழவரின் நெற்றிக்குறி வருகிறதே, அது என்ன குறி, என்ன நிறம் என்று கவிஞர் சொல்லவில்லை. நான் படிக்கும்போதெல்லாம் அது மஞ்சளாகத்தான் தெரியும்.

பழைய ஸ்டியரிங்
எனக்குக் கவிதை அவ்வளவாகத் தெரியாது. அரசு பஸ்ஸில் 31 வருடம் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன். என் மகள் இந்த இழையை அனுப்பினாள். படுதா என்ற சொல்லைப் பார்த்ததும் எழுத வேண்டும் போல் இருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழைய வண்டிகளில் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் கண்டக்டர் விசில் கொடுத்து "படுதாவை இறக்குங்க" என்பார். இறக்கியதும் உள்ளே ஒரு வாடை வரும், நனைந்த சாக்கும் ரப்பரும் கலந்த மாதிரி. மூலைக் கயிறு அறுந்திருந்தால் அந்தத் துணி விடாமல் அடிக்கும். அந்த இடத்தில் உட்கார்ந்தவர் ஊர் வந்து சேரும் வரை அதைக் கையால் பிடித்துக்கொண்டே வருவார். இந்தக் கவிஞர் அப்படி ஒரு சீட்டில் உட்கார்ந்து வந்தவர்தான், சந்தேகமே இல்லை.

படுதா போட்ட வண்டியில் இன்னொன்று நடக்கும். வெளியே பார்க்காமல் வளைவில் திரும்பினால் பயணிகளுக்கு வயிறு புரட்டும். உடம்பு ஒரு பக்கம் சாய்கிறது, கண் எதுவும் நகரவில்லை என்கிறது. அதனால் மலைப்பாதையில் நான் கண்டக்டரிடம் ஒரு படுதாவையாவது தூக்கிவிடச் சொல்வேன். ஒரு ஓட்டை வெளிச்சம் இருந்தாலும் போதும், அது உள்ளே எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தே வண்டி திரும்புவதை ஜனங்கள் தெரிந்துகொள்வார்கள்.

அப்புறம் ஒரு விஷயம். டிரைவரின் வலது பொட்டில் வெயில் பட்டது என்கிறார்கள். டிரைவர் வலது பக்கம்தான் உட்கார்ந்திருப்பார். காலை வெயில் கிழக்கே. புனேயிலிருந்து தென்கிழக்கே போனால் வெயில் இடது கைப்பக்கம் முன்னால் இருந்துதான் வரும். வலது பொட்டில் நேராகப் படவேண்டுமென்றால் வண்டியின் மூக்கு அந்த நேரத்தில் வடக்கேயோ வடகிழக்கேயோ பார்த்திருக்க வேண்டும். அப்படியென்றால் வண்டி வளைவில் இருக்கிறது. "பஸ் திசை மாறுவது போல் இருக்கிறது" என்கிறாரே, எனக்கு அது உவமையாகப் படவில்லை. உண்மையிலேயே வண்டி திரும்பியிருக்கிறது.

வைகறை
ஐயா, இதை எழுதியதற்கு ரொம்ப நன்றி. ஓட்டை வெளிச்சம் ஓடுவதைப் பார்த்துத் திருப்பத்தைத் தெரிந்துகொள்வது... நான் அந்த வரியை இத்தனை நாளும் மாயம் மாதிரிப் படித்துக்கொண்டிருந்தேன்.

மேற்குமலை
ஐயா சொன்னதைக் கேட்டுத் திவே காட் நினைவுக்கு வந்துவிட்டது. கொண்டை ஊசி மாதிரி வளைவுகள். காலை நேரம் ஏறும்போது வெயில் ஒரு சன்னலை விட்டு எதிர்ச் சன்னலுக்குத் தாவும், மறுபடி திரும்பி வரும். கவிதை புனே என்றோ திவே காட் என்றோ பெயர் சொல்லவில்லை, அதனால் இதுதான் அந்த வளைவு என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஐயா காட்டியது முக்கியமான விஷயம். சாலை தெரியாத பயணிக்கு வண்டி திரும்புவதை அறிய ஒரே வழி வெளிச்சம் இடம் மாறுவது. வெளிச்சம் நகர்ந்தது என்று அவன் சொல்லவில்லை. வெளிச்சம் பொட்டில் போய் அமர்ந்தது, பஸ் திசை மாறியது போல் இருந்தது என்கிறான். காரணமும் விளைவும் இடம் மாறிவிட்டன. உண்மையில் வண்டி திரும்பியதால் வெயில் நகர்ந்தது. கவிதையில் வெயில் தொட்டதால் வண்டி திரும்புகிறது.

கூழாங்கல்
இந்த இடத்துக்காகத்தான் காத்திருந்தேன். நான் மொழிபெயர்ப்பாளன், இந்தக் கவிதையை ஒருமுறை முயன்று கைவிட்டவன்.

மேற்குமலை சொன்ன அந்தத் தலைகீழ் மாற்றத்துக்குக் கவிஞர் ஒரு சின்னக் கதையே கட்டியிருக்கிறார். வினைச்சொற்களை வரிசையாகப் பாருங்கள். சூரியன் ஓட்டை வழியே குறி பார்க்கிறது. கிழவரின் கண்ணாடியைச் சுடுகிறது. பிறகு வெயில் கீற்றுக்கு அவர் போடும் அடைமொழி, குழலை அறுத்துக் கட்டையாக்கிய துப்பாக்கிக்கு ஆங்கிலத்தில் சொல்லும் சொல். அந்தக் கட்டைத் துப்பாக்கி டிரைவரின் பொட்டில் போய் மெதுவாக அமர்கிறது. பஸ் திசை மாறுகிறது. இது பஸ் கடத்தல்! யாரோ டிரைவரின் தலையில் துப்பாக்கி வைத்து வண்டியை வேறு பக்கம் திருப்பச் சொல்கிறார்கள். திருப்பச் சொன்னது சூரியன். கண்டோபாவை நோக்கிப் போகிற பக்தர் வண்டியைக் காலை வெயில் கடத்திக்கொண்டு போகிறது. நகரும் வண்டியில்தான் இது முடியும். நிற்கிற வண்டியில் வெயில் பட்டால் அது வெறும் வெயில்.

இதோடு இன்னொரு சொல்விளையாட்டும் இருக்கிறது. ஆங்கிலத்தில் பொட்டுக்கும் கோயிலுக்கும் ஒரே சொல்தான். கோயிலுக்குப் போகும் பஸ்ஸில் வெயில் போய்ச் சேர்ந்த முதல் கோயில் டிரைவரின் தலைப்பக்கம். தமிழில் இது போய்விடும், வேறு வழியில்லை.

வைகறை
கூழாங்கல், போய்விடும் என்று நானும் வருத்தப்பட்டேன். ஆனால் தமிழில் வேறொன்று வருகிறது, கவனித்தீர்களா? கிழவரின் நெற்றியில் இருப்பதும் பொட்டு. டிரைவரின் கன்னத்துக்கு மேல் இருப்பதும் பொட்டு. ஐந்தாம் பத்தியில் பயணி கிழவரின் நெற்றிப் பொட்டைத் தாண்டி ஓர் இடத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருப்பதாக உணர்கிறான். ஏழாம் பத்தியில் வெளிச்சம் டிரைவரின் பொட்டில் போய் நின்றதும் திசை மாறுகிறது. ஒரு பொட்டை நோக்கிப் போன வண்டியை இன்னொரு பொட்டு திருப்பிவிட்டது. ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் தொடர்பே இல்லை, தமிழில் தானாக முடிச்சு விழுகிறது. பொட்டில் அறைந்த மாதிரி என்று நாம் சொல்வதும் கூடவே வந்து நிற்கும்.

கூழாங்கல்
அழகாக இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு பயம். கவிஞர் வைக்காத முடிச்சை நாம் வைக்கலாமா? நெற்றிக்குறிக்கு அவர் போட்ட சொல் சாதியைக் காட்டுகிற சொல். நீங்கள் பொட்டு என்று போட்டால் அந்தச் சாதி மறைந்துவிடுகிறது. பொட்டு யார் வேண்டுமானாலும் வைப்பார்கள். பயணி ஒரு சாதிக்குறியைத் தாண்டி உள்ளே போகப் பார்க்கிறான், முடியவில்லை என்பதுதான் கவிதையின் கடைசி. அதை இழந்து ஒரு சொல்லழகு வாங்குவது எனக்குக் கட்டுப்படியாகவில்லை. "நெற்றிக்குறி" என்றே போடுங்கள்.

கட்டைத் துப்பாக்கி இடத்திலும் தமிழ் ஒரு பள்ளம் தோண்டி வைத்திருக்கிறது. 'அறுத்த கதிர்' என்று எழுதிப் பார்த்தேன். வாய்விட்டுப் படித்ததும் வீட்டில் கேட்டார்கள், "என்ன கதிர், நெல்லா சோளமா?" நமக்குக் கதிரை அறுப்பது வயலில்தான். துப்பாக்கி போய் அரிவாள் வந்துவிட்டது. அந்த இடத்தில்தான் நான் கைவிட்டேன்.

சன்னலோரம்
எனக்கு 'அறுத்த கதிர்' பிடித்திருக்கிறது. துப்பாக்கி போனால் போகட்டும்.

கூழாங்கல்
துப்பாக்கி போனால் பஸ் ஏன் திசை மாறுகிறது?

சன்னலோரம்
சரி, அது நியாயம். என் முதல் பதிவில் இன்னொன்றையும் திருத்திக்கொள்கிறேன். இன்று மறுபடி படித்தேன். சந்தமே இல்லை என்றேன். ஏழு பத்தி வரை இல்லைதான். எட்டாவது பத்தியில் மட்டும் முதல் இரண்டு வரியும் இயைபோடு முடிகின்றன, பயணத்துக்கான சொல்லும் பக்கத்துக்கான சொல்லும். குலுங்கிக் குலுங்கி வந்த பயணம் முடிகிற வரியில் மட்டும் இந்த ஒலி ஏன்? வண்டி நிற்கும்போது அல்லவா தாளம் வருகிறது. எனக்கு இது விளங்கவில்லை.

மேற்குமலை
எனக்கும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு ஊகம் மட்டும். நான்காம் பத்தியில் முகம் இரண்டாகப் பிரிந்து வந்தது, கண்ணாடியின் இரண்டு வட்டத்தில். கடைசிப் பத்தியில் அந்த இரண்டு முகமும் இரு பக்கத்தில் இருக்க, இரண்டு வரியும் ஒரே ஒலியில் முடிகின்றன. கண்ணாடியின் இரண்டு வட்டம் மாதிரி. வேறு காரணமும் இருக்கலாம்.

நிற்பது பற்றிச் சொன்னதால் லார்க்கின் கவிதையை இங்கே கொண்டுவர வேண்டும். ஃபிலிப் லார்க்கினின் 'விட்சன் திருமணங்கள்', 1964இல் அதே பெயருள்ள தொகுப்பில் வந்தது. ஹல் நகரிலிருந்து லண்டனுக்குப் போகும் ரயில், விட்சன் என்ற கிறித்தவப் பண்டிகையை ஒட்டிய சனிக்கிழமை. கொலட்கரின் பஸ்ஸுக்கு நேர் எதிர். சன்னல் திறந்திருக்கிறது, எல்லாம் தெரிகிறது. ஒரு கண்ணாடிக் குடில் மின்னி மறைகிறது. புதர்வேலிகள் தாழ்ந்து எழுகின்றன. வேலி எங்கேயாவது எழுமா? ரயில் போவதால் எழுகிறது. கடைசிக்கு முந்தைய பத்தியில் ஒருவன் பந்து வீச ஓடி வருகிறான், அவ்வளவுதான். பந்து வீசினானா, ஆள் அவுட்டா, தெரியாது. சன்னல் அவனைக் கடந்துவிட்டது. ஒரு செயலின் நடுத்துண்டு மட்டும் கிடைப்பது ரயிலில் மட்டும் நடப்பது.

ஆனால் நான் சொல்ல வந்தது முடிவு. லண்டன் நெருங்குகிறது, பிரேக் இறுகுகிறது. அந்த நேரத்தில் விழுவது போல ஓர் உணர்வு பெருகுகிறது, எய்த அம்புகள் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் போய் மழையாவது போல. பிரேக் போட்டால் உடம்பு முன்னால் சரியுமே, அந்தச் சரிவிலிருந்துதான் அம்பு வருகிறது, மழை வருகிறது. அந்தப் படிமத்தை மேசையில் உட்கார்ந்து யோசித்திருக்க முடியாது என்று எனக்குத் தோன்றும்.

கொலட்கர் பஸ் நிற்கும்போது அப்படி எதையும் தரவில்லை. இறங்கினாய், கிழவரின் தலைக்குள் கால் வைக்கவில்லை, அவ்வளவுதான். லார்க்கினில் வேகம் குறையும்போது உணர்ச்சி முன்னால் பாய்கிறது. இங்கே வண்டி நின்றதும் கண்ணாடியில் பிடித்திருந்த தூரம் சட்டென்று இல்லாமல் போகிறது.

பழைய ஸ்டியரிங்
பிரேக் விஷயம் உண்மை. நன்றாக ஓட்டத் தெரிந்தவர் பயணிகளுக்குப் பிரேக் போட்டதே தெரியாமல் நிறுத்துவார். நிற்பதற்கு முன் கடைசி நொடியில் காலைக் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும். அப்போது முன்னால் சரிந்த உடம்பு துள்ளாமல் திரும்பும். அந்த லண்டன் ரயிலை ஓட்டியவர் அப்படி ஓட்டியிருந்தால் அந்தக் கவிதை வந்திருக்காதா என்று யோசிக்கிறேன்.

வைகறை
ஐயா, இதை ஞாயிறு கூட்டத்தில் உங்கள் பெயரில்லாமல் சொல்லிக்கொள்ளலாமா?

பழைய ஸ்டியரிங்
தாராளமாகச் சொல்லுங்கள் அம்மா.

கூழாங்கல்
மேற்குமலை, லார்க்கினோடு ஒப்பிட்டது சரி. ஆனால் கொலட்கரின் நிறுத்தத்தை இந்த ஒரு கவிதைக்குள் தேடக் கூடாது என்பேன். 'பஸ்' முதல் கவிதை என்றால், தொகுப்பின் கடைசிக் கவிதை 'ரயில் நிலையம்'. ஆறு பகுதி. பஸ்ஸில் எதுவும் தெரியாமல் வேகமாக வந்தவன், இங்கே எல்லாம் தெளிவாகத் தெரிந்து, நகர முடியாமல் நிற்கிறான். ரயில் நேரம் காட்டும் பலகையில் எதுவும் இல்லை. தனக்குத் தெரிந்த ஊர்ப்பெயர்களையெல்லாம் விழுங்கிவிட்டு, கடிகார முள்களை முகத்திலிருந்து எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்ட ஆள் மாதிரி நிற்கிறது. கடிகார எண்களைக் கூட்டினால் சுழி. அடுத்த ரயில் எப்போது என்று ஒருவரும் சொல்வதாக இல்லை.

அதில் ஒரு பகுதி நேர்த்திக்கடன். ஆடு வெட்டுகிறேன், தண்டவாளத்தில் தேங்காய் உடைக்கிறேன், ஸ்டேஷன் மாஸ்டரைப் பாலில் குளிப்பாட்டுகிறேன், டிக்கெட் கொடுப்பவருக்குத் தங்கத்தில் பொம்மை ரயில் செய்து தருகிறேன், அடுத்த ரயில் எப்போது என்று யாராவது சொன்னால் போதும். கோயிலில் வேண்டாதவன் ரயில் நிலையத்தில் வேண்டுகிறான். நகர முடியாதபோதுதான் பக்தி வருகிறது. வேகத்தில் இருந்தபோது அவனுக்குச் சாமி தேவைப்படவில்லை, கிழவரின் கண்ணாடியே போதுமாக இருந்தது.

மேற்குமலை
கடைசிப் பகுதியையும் சொல்லுங்கள். மறையும் சூரியன், தண்டவாளங்கள் கூடுவது போல் தெரியும் இடத்தில் அடிவானத்தைத் தொடுகிறது, சக்கரம் அளவுக்குப் பெரிதாக. தொகுப்பின் முதல் கவிதையில் சூரியன் ஓட்டை அளவுக்குச் சிறியது, துப்பாக்கி. கடைசியில் சக்கரம். ரயில் வரவில்லை, சக்கரம் மட்டும் வந்திருக்கிறது. பஸ்ஸில் வெயில் நகர்ந்ததை வைத்து வண்டி நகர்வதைத் தெரிந்துகொண்டான். இங்கே அவன் நிற்கிறான், சூரியன் மட்டும்தான் போகிறது.

இடையில் ஜெஜூரிக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவே ஒரு சோளக் காட்டில் கோழிகளும் சேவல்களும் மேலும் கீழும் குதித்து ஆடுவது வரும். சொற்களையே தாளில் மேலும் கீழுமாகச் சிதறி அச்சிட்டிருப்பார். அவர் விளம்பரத் துறையில் ஓவியம், வடிவமைப்பு வேலை பார்த்தவர், பக்கத்தைப் படமாகப் பார்க்கத் தெரிந்தவர். அதையும் கூட்டத்தில் தாளில் காட்டுங்கள், வாசித்துக் காட்டினால் பாதி போய்விடும்.

அலமேலு
நான் தப்பாகப் புரிந்துகொண்டு பஸ் நேரம் கேட்டுவிட்டேன். இப்போது முழு இழையும் படித்தேன். ஒரு சந்தேகம் கேட்கலாமா? பயணி கிழவரின் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கிறான். அப்படியென்றால் கிழவர் அவனைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். பயணி முன்னால் போவதாக உணர்கிறான் என்றால் கிழவர் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். அப்போது அவர் கண்ணாடியில் பட்ட வெயில் பின்பக்கமாகத்தானே தெறிக்கும்? முன்னால் இருக்கும் டிரைவரின் பொட்டுக்கு எப்படிப் போகும்?

மேற்குமலை
இதை நான் யோசித்ததே இல்லை.

கூழாங்கல்
தெறித்துப் போனது என்று கவிதை சொல்லவில்லை. சூரியன் கண்ணாடியைச் சுடுகிறது, பிறகு ஒரு கீற்று பொட்டில் அமர்கிறது. இரண்டும் வேறு வேறு வெளிச்சமாக இருக்கலாம். வண்டி திரும்பியதும் ஓட்டை வெளிச்சமே நேராக டிரைவர் பக்கம் போயிருக்கலாம். அது ஐயா சொன்ன வளைவுக்கும் பொருந்தும்.

சன்னலோரம்
"போல்" என்ற சொல் இருக்கிறதே. முன்னால் போவது போல், திசை மாறுவது போல். இரண்டு இடத்திலும் 'போல்' போட்டவர் கணக்குப் பார்க்கச் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.

அலமேலு
ஆனால் அவர் வலது பொட்டு என்று எழுதியிருக்கிறார். கணக்கு வேண்டாம் என்றால் வலது எதற்கு?

பழைய ஸ்டியரிங்
அந்தப் பெண் கேட்பது சரியான கேள்வி. பழைய வண்டிகளில் டிரைவருக்குப் பின்னால் நீளவாக்கில் ஒரு சீட் இருக்கும், பின்பக்கம் பார்த்தும் சிலவற்றில் போட்டிருப்பார்கள். மகாராஷ்டிரா வண்டியில் அப்போது சீட் எப்படிப் போட்டிருந்தார்கள் என்பது அங்கே ஓட்டியவர்களுக்குத்தான் தெரியும். பக்கவாட்டு சீட் என்றால் எல்லாம் மாறிவிடும். கிழவர் குறுக்கே பார்ப்பார், பயணி அவருக்கு நேர் எதிரே குறுக்கே பார்ப்பான், வெயில் அவன் முதுகுப் பக்கத்திலிருந்து வரும். அப்போது அவன் முன்னால் போவதாக உணர்வது பஸ் போகும் திசையே இல்லை. கிழவரின் நெற்றியை நோக்கி, வண்டிக்குக் குறுக்காகப் போகிறான்.

வைகறை
ஐயா, நான் மொழிபெயர்ப்பில் "எதிர் சீட்டில்" என்று ஒரு சொல்லை நானாகச் சேர்த்திருந்தேன். மூலத்தில் அது இல்லை. எடுத்துவிட்டேன். நெற்றிக்குறி என்றே வைத்துவிட்டேன். அறுத்த கதிருக்கு மட்டும் இன்னும் சொல் கிடைக்கவில்லை, சனிக்கிழமை இரவு வரை பார்க்கிறேன். யாருக்காவது ஏதாவது தோன்றினால் இங்கேயே போடுங்கள்.